மூன்றாம் தண்ணிக்குப் பிறகு: அம்மை ஆறிய பிள்ளைக்குப் பள்ளிக் கடிதம்

சம்பா அறுப்பு முடிகிற நேரத்தில் தொடங்கி சித்திரை வரைக்கும், கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கத்துப் பள்ளி அலுவலகங்களில் ஒரே மாதிரியான கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். “என் மகனுக்கு அம்மை போட்டிருந்த காரணத்தால் சில நாட்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. தற்போது மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டோம். அவனை மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் பொய் ஏதும் இல்லை, பணிவுக்கும் குறைவில்லை. ஆனாலும் இதை வாங்கிக்கொண்டு பிள்ளையை வகுப்புக்குள் விட முடியாமல் தலைமையாசிரியர் திகைப்பார். அவர் தெரிந்துகொள்ள வேண்டிய எதுவுமே அதில் இருக்காது. அந்தக் கடிதங்களை வாங்கிக் கோப்பில் போடுகிற மேசையிலிருந்து இதை எழுதுகிறேன்.

முதலில் “அம்மை” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் சின்னம்மையும் அம்மைதான், மணல்வாரி என்கிற தட்டம்மையும் அம்மைதான், கன்னம் வீங்குகிற பொன்னுக்கு வீங்கியைக்கூடப் புட்டாளம்மை என்போம். மூன்றும் வேறு வேறு கிருமி, பள்ளிக்கு வராமல் இருக்க வேண்டிய நாள் கணக்கும் வேறு. தட்டம்மைக்குத் தடிப்பு தெரிந்த நாளுக்குப் பிறகு 4 நாள், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் என்பது மருத்துவக் கணக்கு. சின்னம்மைக்கு நாள் மட்டும் எண்ணினால் போதாது, உடம்பைப் பார்க்க வேண்டும். ஆகவே எந்த அம்மை என்று கடிதத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். இங்கே சின்னம்மையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான தடுப்பூசி அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, அதனால் பெரும்பாலும் நம் மேசைக்கு வருவது அதுதான்.

அடுத்தது “சேர்த்துக்கொள்ளுமாறு” என்ற சொல். பத்து நாள் வராததால் பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடாது. ‘சேர்த்தல்’ என்றால் பள்ளி அலுவலகத்தின் மொழியில் புதுச் சேர்க்கை, அதற்குத் தனி விண்ணப்பமும் சேர்க்கை எண்ணும் உண்டு. நீங்கள் கேட்பது வகுப்புக்கு வர அனுமதி. “வகுப்பில் மீண்டும் அனுமதிக்க வேண்டுகிறேன்” என்று எழுதினால் சரியாக இருக்கும். அற்ப விஷயம் என்று தோன்றலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்தக் கோப்பைப் புரட்டும்போது, இந்தப் பிள்ளையை இடையில் நீக்கினார்களா என்ற கேள்வி எழுந்து ஒரு மணி நேரம் வீணாகும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பள்ளிக்குத் தேவை மூன்று தேதிகள். முதல் முத்து தெரிந்த தேதி, கடைசி முத்தும் காய்ந்து பொருக்கு தட்டிய தேதி, மருத்துவர் பிள்ளையை நேரில் பார்த்த தேதி. பெரும்பாலான கடிதங்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது.

சின்னம்மை முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். பிறகு முத்து கொத்துக் கொத்தாக வரும். முதலில் முதுகு, மார்பு, முகம், அப்புறம் தலைமுடிக்குள், வாய்க்குள், அக்குளில். ஒரே உடம்பில் ஒரு முத்து சிவந்த புள்ளியாக, ஒன்று நீர் கோத்ததாக, ஒன்று காய்ந்ததாக ஒரே நேரத்தில் இருக்கும். புது முத்து வருவது நின்று, இருக்கிற எல்லா முத்தும் காய்ந்து பொருக்கு தட்டியதும் தொற்று முடிகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் முத்திலிருந்து ஐந்து முதல் ஏழு நாளில் இது நடந்துவிடும்.

இதையும் நம் வீட்டு வழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், எந்த நாளில் முதல் தண்ணி என்பது வீட்டுக்கு வீடு மாறும். மூன்றாம் தண்ணி ஊற்றும்போது பெரும்பாலும் ஒன்பதாம் நாள், பதினோராம் நாள் ஆகிவிடுகிறது. அதற்குள் பொருக்கு தட்டியிருக்கும். சிக்கல் வருவது, முத்து அதிகமாகப் போட்டு ஆறாம் ஏழாம் நாள் வரைக்கும் புதிதாக வந்துகொண்டிருந்த பிள்ளைக்கும் தண்ணிக் கணக்கை மட்டும் வைத்து அனுப்பிவிடும்போதுதான். தலைமுடிக்குள் நீர் கோத்த முத்து இரண்டு இருக்கும், யாரும் விலக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணியை எண்ணுங்கள், கூடவே தலையையும் விலக்கிப் பாருங்கள்.

ஒரு கணக்கைத் தேதியோடு போட்டுப் பார்க்கலாம். ஆறாம் வகுப்புப் பையன். 2025 பிப்ரவரி 3, திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தான். சாயங்காலம் லேசான காய்ச்சல். 4ஆம் தேதி செவ்வாய் காலை குளிக்கும்போது முதுகில் நான்கைந்து முத்து. 7ஆம் தேதி வெள்ளி வரைக்கும் புதிது புதிதாக வந்தது. 8ஆம் தேதி சனி, ஐந்தாம் நாள், முதல் தண்ணி. 10ஆம் தேதி திங்கள் இரண்டாம் தண்ணி, அன்றைக்கு எல்லாமே பொருக்கு தட்டியிருந்தது. 11ஆம் தேதி தைப்பூச விடுமுறை. 12ஆம் தேதி புதன், ஒன்பதாம் நாள், மூன்றாம் தண்ணி. 13ஆம் தேதி வியாழன் மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கினார்கள். 14ஆம் தேதி வெள்ளி பள்ளிக்கு வந்தான். சனி, ஞாயிறையும் தைப்பூசத்தையும் கழித்தால் விடுப்பு ஏழு வேலை நாள்.

இப்போது வகுப்புப் பக்கம் போவோம். அவன் கடைசியாக மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தது 3ஆம் தேதி, முத்து தெரிவதற்கு முந்தின நாள். அன்றைக்கு யாருக்காவது தொற்றியிருந்தால் அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும், அதாவது பிப்ரவரி 13க்கும் 24க்கும் இடையில். பையன் திரும்பி வந்ததோ 14ஆம் தேதி. அடுத்த வாரம் பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்கு முத்து போட்டால் அவள் வீட்டில் என்ன சொல்வார்கள்? “அந்தப் பையனை ஆறுவதற்குள்ளேயே அனுப்பிவிட்டார்கள், அதான் ஒட்டிக்கிச்சு.” பள்ளி வாசலில் நடக்கிற பெரும்பாலான அம்மைச் சண்டைகள் இந்த ஒரு தவறான கணக்கிலிருந்து வருபவை. 14ஆம் தேதி வந்தவனிடமிருந்து தொற்றியிருந்தால் 24ஆம் தேதிக்கு முன்பு முத்து தெரியவே வழியில்லை. கடிதத்தில் முதல் முத்தின் தேதியும் பொருக்கு தட்டிய தேதியும் இருந்தால் தலைமையாசிரியர் அதை எடுத்துக் காட்டி இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்துவிடுவார். இல்லாவிட்டால் பழி உங்கள் பிள்ளை மேல்தான் விழும்.

இதே காரணத்துக்காக, முத்து தெரிந்த அன்றே வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நாட்குறிப்பேட்டைக் கொடுத்து அனுப்ப வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம். பள்ளியில் கர்ப்பிணி ஆசிரியை இருக்கலாம், வேறு நோய்க்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிற பிள்ளை இருக்கலாம். அவர்கள் உடனே தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கும். பத்து நாள் கழித்து வரும் கடிதம் அவர்களுக்கு உதவாது.

அடுத்து, சான்றிதழ். இங்கேதான் நம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தனிச் சங்கடம். அம்மா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரி, மருந்து என்று போவது ஆகாது என்று பாட்டி தடுத்துவிடுவார். வேப்பிலை, இளநீர், வாசலில் மஞ்சள் நீர், புன்னைநல்லூருக்கு ஒரு வேண்டுதல். எல்லாம் முடிந்து மூன்றாம் தண்ணிக்குப் பிறகு பள்ளியில் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்கும்போதுதான், நோயையே எந்த மருத்துவரும் பார்க்கவில்லை என்பது உறைக்கும். “4ஆம் தேதியிலிருந்து அம்மை என்று போட்டுக் கொடுங்க சார்” என்று கேட்பார்கள், மருத்துவர் மறுப்பார். மறுக்கத்தான் வேண்டும். தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சான்று தருவது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி குற்றம். கொடுக்கிற சான்றுக்கெல்லாம் அவர் பதிவேடும் நகலும் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு வழி இரண்டு. நல்ல வழி, நோய் இருக்கும்போதே ஒருமுறை காட்டி ஓபி சீட்டு வாங்கி வைப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் அதற்குக் காசு இல்லை. பெயர், வயது, தேதி, ‘சின்னம்மை’ என்று மருத்துவர் கிறுக்கிய ஒரு வரி, அது போதும். மருந்து எழுதினால் சாப்பிடுவதா வேண்டாமா என்று அப்புறம் வீட்டில் பேசிக்கொள்ளலாம், சீட்டு வாங்கியதற்காக அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் முத்து ஈரமாக இருக்கும் பிள்ளையை வரிசையில் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள். ஒருவர் முன்னால் போய் நர்ஸிடம் சொல்லி, வெளியிலேயே பார்க்கச் சொல்லுங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள், கைக்குழந்தைகள் நிறைந்திருப்பார்கள். அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, சீட்டு இல்லாதவர்களுக்கு. பொருக்கு உடம்பில் இருக்கும்போதே போய்க் காட்டுவது. முழுக்க உதிர்ந்து தழும்பு மட்டும் நிற்கும்போது போனால் மருத்துவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. பொருக்கு தெரிகிற பிள்ளையைப் பார்த்தால், “ஆறிவரும் சின்னம்மை. எல்லா முத்தும் பொருக்கு தட்டியுள்ளன. புதிய முத்து இல்லை, காய்ச்சல் இல்லை. நாளை முதல் பள்ளி செல்லத் தகுதி உள்ளது” என்று அவர் கண்ணால் கண்டதை மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் எழுத முடியும். நோய் தொடங்கிய தேதியை “பெற்றோர் கூறியபடி” என்று சேர்த்துக் கேட்கலாம். பழைய நாட்களுக்கு உங்கள் கடிதமே சாட்சி. பெரும்பாலான பள்ளிகளுக்கு அது போதும்.

மருத்துவரிடம் போகும் முன்பு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியதை நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. காய்ந்த மஞ்சள் பற்று, பார்க்க அப்படியே பொருக்கு மாதிரி இருக்கும். மருத்துவர் கையுறை போட்ட விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தால் பற்று பெயர்ந்து வரும், அடியில் ஈரமாக இருக்கும். அல்லது அடியில் நன்றாகக் காய்ந்த முத்து இருந்தாலும் பற்றை வைத்து எதுவும் தெரியாமல் “ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிடுவார். அவர் பார்க்கிற இடங்கள் முதுகு, அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், தலைமுடிக்குள், வாய். சட்டையை எளிதாகக் கழற்றும்படி போட்டு அழைத்துப் போனால் வேலை சீக்கிரம் முடியும். ஏதாவது ஒரு பொருக்கைச் சுற்றித் தோல் சிவந்து, சூடாக, வலியோடு வீங்கியிருந்தால், அல்லது விட்ட காய்ச்சல் திரும்ப வந்திருந்தால் சான்று கிடைக்காது. சொறிந்ததில் சீழ் பிடித்திருக்கும், அதற்குத் தனி மருத்துவம் வேண்டும். பிள்ளை நடக்கும்போது தள்ளாடினாலோ அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தாலோ சான்றை மறந்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் சில சமயம் அம்மை வரும். முத்து நீர் கோக்காமல் தட்டையான சிவப்புப் புள்ளியாக வந்து, பொருக்கே தட்டாமல் மறைந்துவிடும். அவர்களுக்கு 24 மணி நேரம் புதுப் புள்ளி வராமல் இருந்தால் போதும். மருத்துவர் அதையே சான்றில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியில் “பொருக்கு எங்கே” என்று தேடுவார்கள்.

வாங்கிய தாளை அங்கேயே ஒருமுறை படித்துப் பாருங்கள். முதல் நாள் காட்டியபோது “10 நாள் ஓய்வு தேவை” என்று எழுதித் தந்த தாளைக் கொண்டுவந்து, பத்து நாள் முடிந்துவிட்டதே என்று நீட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது விடுப்புக்கான சான்று. ஆறிவிட்டது என்று அதில் யாரும் சொல்லவில்லை. தகுதிச் சான்றில் நோய் தீர்ந்ததைப் பார்த்த தேதி இருக்க வேண்டும், அது பள்ளிக்கு வரும் நாளுக்கு முன்னதாகவும் பொருக்கு தட்டிய நாளுக்குப் பின்னதாகவும் இருக்க வேண்டும். கையெழுத்து, முத்திரை, மருத்துவரின் பதிவு எண் மூன்றும் வேண்டும். பதிவு எண் இல்லாத தாள் பள்ளிக் கோப்பில் நிற்காது, மருந்துக்கடைச் சீட்டும் அப்படித்தான். பிள்ளையின் ஓர் அங்க அடையாளத்தையும் குறிப்பது முறை, மாற்றுச் சான்றிதழில் எழுதுகிற அதே மச்சமோ தழும்போ. பெயர் பள்ளியில் உள்ளபடி இருக்கட்டும். ஓபி சீட்டில் வீட்டுப் பெயரும் சான்றில் பள்ளிப் பெயரும் இருந்தால் இரண்டு பிள்ளைகள் போலத் தெரியும்.

பல தனியார் பள்ளிகளின் டைரியில் தொற்றுநோய் விதி அச்சிட்டிருக்கும். சின்னம்மை என்றால் “பொருக்கு முழுவதும் உதிரும் வரை” என்று இருக்கும். பொருக்கு தட்டுவது வேறு, உதிர்வது வேறு. தட்டி முடிய ஒரு வாரம், உதிர்ந்து முடிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். மருத்துவக் கணக்கில் தட்டியதோடு தொற்று முடிந்தது, காய்ந்த பொருக்கிலிருந்து சின்னம்மை பரவுவதில்லை. பெரியம்மைக் காலத்து அச்சம் டைரியில் தங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். சண்டை போட வேண்டியதில்லை. “பொருக்கு உள்ளது, தொற்றும் நிலையில் இல்லை” என்ற ஒரு வரியை மருத்துவரிடம் சான்றில் கேட்டு வாங்குங்கள். அந்த வரி இருந்தால் அநேகமாக எந்தத் தலைமையாசிரியரும் டைரியைப் பிரிக்க மாட்டார். முடிவு அவர் கையில்தான் என்பதால், அனுப்புவதற்கு முந்தின நாளே கடிதத்தையும் சான்றையும் பெற்றோர் மட்டும் போய்க் கொடுப்பது நல்லது. பிள்ளையைச் சீருடை மாட்டிக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவைப்பது அதற்குத் தண்டனை.

மேலே சொன்ன பையனின் கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: தந்தை பெயர், முகவரி, கைப்பேசி எண்
பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள், பள்ளியின் பெயர், ஊர்
நாள்: 13.02.2025

பொருள்: சின்னம்மை குணமான மாணவனை வகுப்பில் மீண்டும் அனுமதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பள்ளியில் 6ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பயிலும் என் மகன் (பெயர், சேர்க்கை எண்) கடைசியாகப் பள்ளிக்கு வந்தது 03.02.2025. அவனுக்கு 04.02.2025 காலை சின்னம்மை முத்து தெரிந்தது. அன்றே வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். 07.02.2025க்குப் பிறகு புதிய முத்து வரவில்லை. 10.02.2025 அன்று எல்லா முத்தும் பொருக்கு தட்டிவிட்டன. இன்று மருத்துவர் நேரில் பார்த்து, நாளை முதல் பள்ளி செல்லத் தகுதி உள்ளதாகச் சான்று அளித்துள்ளார்.

எனவே 14.02.2025 முதல் அவனை வகுப்பில் அனுமதிக்கவும், 04.02.2025 முதல் 13.02.2025 வரையிலான நாட்களை மருத்துவ விடுப்பாகக் கருதவும் வேண்டுகிறேன். உடல் இன்னும் சோர்வாக இருப்பதால் ஒரு வாரத்துக்கு விளையாட்டு வகுப்பில் விலக்கு அளிக்கவும், விடுபட்ட தேர்வு இருந்தால் அதற்கான நாளைத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். இவனுடைய தங்கை இதே பள்ளியில் 3ஆம் வகுப்பில் படிக்கிறாள். இதுவரை அவளுக்கு அறிகுறி இல்லை. தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டுத் தகவல் தருகிறேன்.

இணைப்பு: மருத்துவத் தகுதிச் சான்று (அசல்), ஓபி சீட்டு நகல்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

தங்கையைப் பற்றிய வரியைப் பலரும் எழுதுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டாவதாகப் போடுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் முத்து அதிகமாக இருக்கும், அது அண்ணனுக்கு முத்து தெரிந்து இரண்டு வாரம் வாக்கில் வந்து நிற்கும். அப்போது மறுபடி முதலிலிருந்து கடிதம், சான்று. அண்ணன் சான்றின் நகலைத் தங்கைக்கு நீட்டியவர்களும் உண்டு.

கொடுக்கும் முன் கடிதம், சான்று இரண்டையும் நகல் எடுத்து, நகலில் “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியோடு அலுவலகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு சிபிஎஸ்இ மாணவர்களுக்கு 75 சதவீத வருகைக் கணக்கு வருகிறபோது, அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.